நூற்றுப் பதினெட்டு சிலைடும் ஒரு விரல் கணுவும்

போன ஆனி மாதம் என் மச்சினரின் பேரனுக்கு இடது கை ஆள்காட்டி விரலின் மேல் கணு போய்விட்டது. வயது இருபத்திரண்டு. நம் பக்கத்துப் பிள்ளைகள் பலரைப் போல அவனும் விடியற்காலையில் பாலுச்செட்டிச் சத்திரத்தில் கம்பெனி பஸ் ஏறி, நெடுஞ்சாலையோரத்துத் தொழிற்சாலை ஒன்றுக்கு ஒப்பந்தத் தொழிலாளியாகப் போய்க்கொண்டிருந்தான். கம்பெனியின் பெயர் வேண்டாம். நான் சண்டை போட வந்திருப்பது அந்தக் கம்பெனியோடு அல்ல, ஒரு பழக்கத்தோடு.

நடந்தது இதுதான். பெட்டி கட்டும் இயந்திரத்தில் அட்டை ஒன்று சிக்கிக்கொண்டது. பையன் சிவப்புப் பொத்தானை அழுத்தி இயந்திரத்தை நிறுத்திவிட்டு, உள்ளே கையை விட்டு அட்டையை இழுத்தான். அந்தப் பக்கம் நின்ற சக தொழிலாளிக்கு இவன் குனிந்திருப்பது தெரியவில்லை. இயந்திரம் ஏதோ காரணத்தால் நின்றுவிட்டது என்று நினைத்துப் பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டான். அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய மறுநாள் கம்பெனியிலிருந்து பாதுகாப்பு அதிகாரி வந்தார். இளைஞர், நல்ல மனிதர், கையில் பழமும் ஹார்லிக்ஸும். கூடவே ஒரு ஃபைல். அதில் ஒரு தாளைக் காட்டினார். வேலையில் சேர்ந்த அன்று பாதுகாப்புப் பயிற்சி பெற்றுக்கொண்டதாகப் பையன் போட்ட கையெழுத்து. "எல்லாம் சொல்லித்தான் சார் இருக்கோம்" என்றார்.

நான் முப்பத்தைந்து வருஷம் புதுச்சேரி அரசில் எழுத்தராக இருந்தவன். ஒரு தாள் எதற்காக ஃபைலில் இருக்கிறது என்று அதன் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். வேலை நடப்பதற்காக எழுதப்படும் தாள் ஒன்று, நாளைக்கு யாராவது கேட்டால் காட்டுவதற்காக எழுதப்படும் தாள் ஒன்று. இது இரண்டாவது ஜாதி. நானே அப்படி ஆயிரம் எழுதியிருக்கிறேன்.

"என்ன சொல்லிக் கொடுத்தீர்கள், பார்க்கலாமா தம்பி?" என்று கேட்டேன். மறு வாரம் அச்செடுத்து அனுப்பினார். நூற்றுப் பதினெட்டு சிலைடு. முதல் நாள் காலையில் குளிர்சாதன அறையில் இரண்டரை மணி நேரத்தில் காட்டி முடித்திருக்கிறார்கள். ஒரு சிலைடுக்கு ஒன்றரை நிமிஷம் கூட இல்லை. பூட்டுப் போடுவது பற்றி அறுபத்து மூன்றாவது சிலைடு. அதன் தமிழ் இப்படி இருந்தது:

"ஆபத்தான ஆற்றல் மூலங்களைத் தனிமைப்படுத்துதல் தொடர்பான நடைமுறைகள் அனைத்துப் பணியாளர்களாலும் தவறாது பின்பற்றப்பட வேண்டும்."

பையனைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். "இது என்னன்னு தெரியுதா?" என்றேன். "கரண்டு பத்தி ஏதோ சொல்லுது தாத்தா" என்றான். அவன் விரலை வாங்கியதும் இந்த வாக்கியத்தின் பொருள்தான், அது அவனுக்கு இன்னமும் தெரியவில்லை.

சரி, வகுப்பில் புரியவில்லை, இயந்திரத்தின் பக்கத்திலாவது ஏதாவது எழுதியிருந்ததா என்று கேட்டேன். இருந்ததாம். பெரிய போர்டு. மஞ்சள் ஹெல்மெட் போட்ட ஒருவர் சிரித்துக்கொண்டு கட்டை விரலை உயர்த்துகிறார். கீழே "பாதுகாப்பே நம் உயிர் மூச்சு". பாதுகாப்பு வாரத்தில் நடந்த வாசகப் போட்டியில் முதல் பரிசு வாங்கியதாம்.

அன்பர்களே, என் கோபம் இங்கேதான் தொடங்குகிறது. தேசியப் பாதுகாப்புக் கவுன்சில் 1966ஆம் வருஷம் மார்ச் 4ஆம் தேதி தொடங்கப்பட்டது. அந்த நாளையொட்டி வருஷா வருஷம் நாடு முழுவதும் பாதுகாப்பு வாரம் கொண்டாடுகிறார்கள். கொண்டாடட்டும். ஆனால் அந்த வாரத்தில் எழுதப்படும் வாசகங்களில் பெரும்பாலானவை யாரையும் எதுவும் செய்யச் சொல்லுவதில்லை. "பாதுகாப்பே முதன்மை", "விழிப்புடன் இருப்போம், விபத்தைத் தவிர்ப்போம்" என்றெல்லாம் படித்த பிறகு ஒரு தொழிலாளியின் கை எந்தப் பக்கம் போக வேண்டும்? எதைப் பிடிக்க வேண்டும், எதை விட வேண்டும்? பதில் இல்லை. அது வாழ்த்து அட்டை. சுவரில் தொங்கும் வாழ்த்து அட்டையை எச்சரிக்கை என்று எண்ணிக்கொள்வதுதான் நான் சொன்ன பழக்கம்.

அந்தப் பாதுகாப்பு அதிகாரியிடம் இதைச் சொன்னபோது அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அப்போ நீங்களே எழுதிக் குடுங்க சார், நான் போர்டு போடறேன்" என்றார். எனக்கும் பொழுது போக வேண்டும். நூற்றுப் பதினெட்டையும் திண்ணையில் பரப்பி, மூன்று கட்டாகப் பிரித்தேன்.

முதல் கட்டு, நிர்வாகம் செய்ய வேண்டியவை. இயந்திரத்துக்குத் தடுப்புக் கூண்டு போடுவது, புகை வெளியேற விசிறி வைப்பது, பூட்டு வாங்கிக் கொடுப்பது. இதில் முப்பத்தேழு சிலைடு போயிற்று. வேடிக்கை என்னவென்றால், இவற்றில் பாதி "தடுப்புகள் உள்ளனவா என்பதைப் பணியாளர் உறுதி செய்துகொள்ள வேண்டும்" என்று தொழிலாளி தலையில் கட்டப்பட்டிருந்தது. இரண்டாவது கட்டு, ஒரு தடவை தெரிந்துகொண்டால் போதுமானவை. கம்பெனியின் கொள்கை, யார் எந்தக் குழுவில் இருக்கிறார், எந்த நிறப் பலகைக்கு என்ன அர்த்தம். இது அறுபத்தொன்பது. மீதி இருந்தது பன்னிரண்டு. ஓர் ஆள், ஓர் இடத்தில், ஒரு நேரத்தில், தன் கையால் செய்ய வேண்டிய காரியம் இந்தப் பன்னிரண்டில்தான் இருந்தது. சுவருக்குப் போக வேண்டியது இது மட்டும்தான்.

எல்லோரும் இங்கேதான் தவறுகிறார்கள் என்று நினைக்கிறேன். போஸ்டர் என்றால் அந்தப் பெரிய பாடத்தின் சுருக்கம் என்று எண்ணிக்கொண்டு பத்து சிலைடைப் பிழிந்து ஒரு பலகையில் ஏழு வரியாகப் போடுகிறார்கள். பாடம் வகுப்பில் இருக்கட்டும். அறிவிப்பு வேறு பண்டம். ஓர் இடத்தில் நிற்கிறவனுக்கு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் அது சொல்ல வேண்டும்.

பூட்டு விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். நான் முதலில் எழுதியது: "இயந்திரத்தில் கை வைக்கும் முன் மின்சாரத்தை நிறுத்தி, உன் பூட்டைப் போட்டு, சாவியை வைத்துக்கொண்டு, ஓடவில்லை என்று சோதித்துப் பார்." பெருமையாகப் பையனிடம் காட்டினேன். அவன் படித்துவிட்டு, "இதுல நாலு வேலை இருக்கு தாத்தா. இத எங்க மாட்டுவீங்க?" என்றான். நல்ல கேள்வி. மெயின் சுவிட்ச் ஒரு சுவரில் இருக்கிறது. பொத்தான்கள் இயந்திரத்தில் இருக்கின்றன. ஒரே பலகையை ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் நின்று யாரும் படிக்க முடியாது.

எனவே பிரித்தேன். மெயின் சுவிட்ச் பெட்டியின் மேல்: "உன் பூட்டைப் போடு. சாவி உன் பையில்." பச்சைப் பொத்தானின் பக்கத்தில்: "கை விடும் முன் இதை அழுத்திப் பார்." கடைசி வாசகம் சிலருக்கு விசித்திரமாகப் படும். கை விடுவதற்கு முன் ஏன் ஓட்டும் பொத்தானை அழுத்த வேண்டும்? ஆள் எல்லோரும் விலகி நிற்கும்போது அழுத்திப் பார்த்து, இயந்திரம் அசையாமல் நின்றால்தான் பூட்டியது சரியான சுவிட்சை என்று நிச்சயம். பக்கத்து இயந்திரத்தின் சுவிட்சைப் பூட்டிவிட்டு இதில் கை விட்டால் என்ன ஆகும்? சாவி தன் பையிலேயே இருக்க வேண்டும் என்பதற்கும் அதுதான் காரணம். ஆணியில் மாட்டிய சாவியை அவசரக்காரன் எவனும் எடுத்துத் திறந்துவிடுவான். என் பேரன் சிவப்புப் பொத்தானை மட்டும் நம்பினான். சிவப்புப் பொத்தான் இயந்திரத்தை நிறுத்தும். இன்னொருவன் பச்சையை அழுத்துவதை அது தடுக்காது.

அடுத்தது ஆசிட். காஞ்சிபுரத்தில் பட்டுக்குச் சாயம் போடுகிற இடங்களை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. அந்த சிலைடில் "அமிலத்தில் நீரைச் சேர்த்தல் கூடாது; நீரில் அமிலத்தைச் சேர்க்கலாம்" என்று இருந்தது. விஷயம் நூற்றுக்கு நூறு சரி. அடர்ந்த கந்தக அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால், கிளம்பும் சூட்டில் தண்ணீர் கொதித்து ஆசிட்டோடு முகத்தில் தெறிக்கும். நிறையத் தண்ணீரில் ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் அந்தச் சூட்டைத் தண்ணீர் தாங்கிக்கொள்ளும். ஆனால் வாக்கியத்தைத் திரும்பப் படியுங்கள். இரண்டு பாதியிலும் அதே இரண்டு சொற்கள். வித்தியாசம் எல்லாம் 'இல்'லிலும் 'ஐ'யிலும். நம் தமிழில் வேற்றுமை உருபு சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும். கையில் ஜாடியோடு நிற்பவன் வாலைப் படிக்க மாட்டான், தலையைத்தான் படிப்பான். அவன் கண்ணில் விழுவது "அமிலம், நீர், நீர், அமிலம்". நான் எழுதியது: "முதலில் தண்ணீர். பிறகு ஆசிட்." இதைத் தலைகீழாகப் படிக்க முடியாது.

வினை கடைசியில் வருவதும் நம் மொழியின் இயல்பு. கதைக்கு அது அழகு. பலகைக்கு ஆபத்து. "தலைக்கவசம் அணியாமல் உள்ளே நுழைதல் தவிர்க்கப்பட வேண்டும்" என்பதில் 'தவிர்க்க' வருவதற்குள் ஆள் உள்ளே போய்விட்டிருப்பான். அணியாமல் என்று ஒரு மறுப்பு, தவிர்க்க என்று இன்னொரு மறுப்பு, இரண்டையும் கழித்துப் பார்க்க அவனுக்கு நேரமில்லை. "ஹெல்மெட் போட்டு உள்ளே வா" என்றால் தீர்ந்தது. 'செய்யப்பட வேண்டும்' என்ற செயப்பாட்டு வினையை அலுவலகத்தில் வளர்த்தவர்களில் நானும் ஒருவன். "ஆவன செய்யப்படும்" என்று எழுதினால் யார் செய்வார் என்று எவரும் கேட்க முடியாது என்பதற்காகத்தான் எழுதினோம். அந்தச் சாமர்த்தியத்தை இயந்திரத்தின் மேல் ஒட்டுவது பாவம்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் வாத்தியார் ஒருவர் பிரான்ஸில் ரயில் பாதையைக் கடக்கும் இடங்களில் இருக்கும் பலகை ஒன்றைப் பற்றிச் சொல்வார். "ஒரு ரயில் இன்னொரு ரயிலை மறைத்திருக்கலாம்" என்பது அதன் பொருள். சின்ன வாக்கியம், அந்த நாட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். நின்று கடக்கப் போகிறவனின் எதிரிலேயே அது இருக்கிறது. போன ரயிலின் பின்னால் அவன் காலெடுத்து வைக்கும் அந்தக் கணத்துக்காக எழுதியது. லண்டன் சுரங்க ரயிலில் 1968 முதல் ஒலிக்கும் "இடைவெளியைக் கவனி" என்பதும் அப்படித்தான், கால் வைக்கும் இடத்திலேயே எழுதியும் இருக்கிறது. ரயில்வேயின் பாதுகாப்புக் கொள்கையை இரண்டு இடத்திலும் யாரும் எழுதவில்லை.

பன்னிரண்டில் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது கழிவுநீர்த் தொட்டி மூடிக்கான வாசகம். 2019 மார்ச்சில் ஸ்ரீபெரும்புதூர் அருகே நெமிலியில் நடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஒரு வீட்டின் கழிவுநீர்த் தொட்டியில் இறங்கியவர் மயங்கி விழ, அவரைத் தூக்க ஒருவர், அவரைத் தூக்க இன்னொருவர் என்று இறங்கி, ஆறு பேர் போனார்கள். தந்தையும் பிள்ளைகளும் அதில் அடக்கம். ஒருவர் கூட அசட்டுத்தனத்தால் சாகவில்லை. அன்பினால் செத்தார்கள்.

தொட்டிக்குள் தேங்கும் வாயு காற்றை விடக் கனமானது, அடியில் படுத்திருக்கும். அழுகிய முட்டை நாற்றம் வரும் என்று படித்தவர்கள் சொல்வார்கள். கொஞ்சமாக இருந்தால் வரும். அதிகமானால் முதலில் மூக்கு மரத்துப் போகும், நாற்றம் நின்றுவிட்டது, இனிப் பயமில்லை என்று தோன்றும். பிராணவாயு குறைந்த இடத்திலோ எந்த அறிகுறியும் இல்லை, சில மூச்சிலேயே கால் மடங்கிவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கினாலும், ஓர் ஆளைத் தூக்கும் சிரமத்தில் மூச்சு விட்டே ஆக வேண்டும்.

அந்த சிலைடில் இதற்கு ஒன்பது புள்ளிகள் இருந்தன. அனுமதிச் சீட்டு, வாயு சோதனை, மேற்பார்வையாளர் எல்லாம் சரிதான். அவை இறங்கும் முன் நிர்வாகம் செய்ய வேண்டியவை. ஆனால் ஆள் விழுந்த பிறகு மேலே நிற்பவன் என்ன செய்ய வேண்டும் என்பது எட்டாவது புள்ளி. சாவு அங்கேதான் பெருகுகிறது.

திருப்புட்குழி, ஜடாயுவுக்கு ராமபிரான் ஈமக்கடன் செய்த தலம் என்று போற்றப்படும் ஊர். அபயக் குரல் கேட்டதும் யோசிக்காமல் பாய்ந்து உயிர்விட்ட பறவையை நாங்கள் தினமும் கும்பிடுகிறோம். இந்த ஊர்த் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு "இறங்காதே" என்று எழுத எனக்குக் கை வரவில்லை. எழுதினாலும் பயனில்லை என்பதும் புரிந்தது. தம்பி கீழே கிடக்கும்போது அண்ணனை 'செய்யாதே' என்று நிறுத்த முடியாது. அவன் கைக்கு வேறு வேலை கொடுக்க வேண்டும். கடைசியில் மூடியின் மேலேயே பெயின்டில் எழுதச் சொன்னது: "உள்ளே ஆள் விழுந்தால், மேலேயே நின்று 101-ஐ அழை." தீயணைப்புப் படையினரிடம் மூச்சுக் கருவி உண்டு, அவர்கள் இறங்கலாம். காப்பாற்றத் துடிப்பவனுக்குக் காப்பாற்றும் காரியம் ஒன்றைச் சொல்லியாயிற்று.

இனி எனக்கு வரும் ஆட்சேபம். என் பழைய தொழிற்சங்க நண்பர் ஒருவர் இதைப் படித்துவிட்டு, "போஸ்டர் ஒட்டினால் பழி தொழிலாளி மேல் போகும். கூண்டு போடாத முதலாளி தப்பித்துக்கொள்வான்" என்றார். பாதி ஒப்புக்கொள்கிறேன். கூண்டு போட்டிருந்தால், அதைத் திறந்தாலே இயந்திரம் நிற்கும்படி செய்திருந்தால், என் பேரன் எதையும் படிக்காமலேயே விரலோடு இருந்திருப்பான். போஸ்டர் கடைசி வேலி, முதல் வேலி அல்ல. அதனால்தான் அந்த முப்பத்தேழையும் தனிக் கட்டாகக் கட்டி, "இவை உங்களுடையவை" என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். ஆனால் மீதிப் பாதியில் நண்பர் தவறு. ஒரே காரியத்தைச் சொல்லும் வாசகம் முதலாளியைத்தான் மாட்டிவைக்கும். "உன் பூட்டைப் போடு" என்று ஒட்டிவிட்டால், "எங்கே சார் என் பூட்டு?" என்று எவனும் கேட்கலாம். பூட்டு வாங்கித்தான் ஆக வேண்டும். "பாதுகாப்பே உயிர் மூச்சு" என்ற போர்டைக் காட்டி யாரும் எதையும் கேட்க முடியாது. அது சுவரில் நிலைப்பதற்குக் காரணமே அதுதான் என்பது என் சந்தேகம்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டம் 108ஆம் பிரிவில், சட்டப்படியான அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் பெரும்பாலான தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். 'மாநில மொழி' என்று எழுதவில்லை, 'புரியும் மொழி' என்றார்கள். இன்று நம் பக்கத்துக் கம்பெனிகளில் ஒடிசாக்காரரும் பீகார்க்காரரும் நம் பிள்ளைகளோடு நிற்கிறார்கள். ஏழு வரிப் பலகையை மூன்று மொழியில் போட இடமில்லை. இரண்டு சொல் வாசகத்தைப் போடலாம்.

என் பன்னிரண்டில் ஏழு இப்போது சுவரில் இருப்பதாகக் கேள்வி. மூன்றை நிர்வாக அலுவலகத்தில் யாரோ "மரியாதையாக இல்லை" என்று 'போடவும்', 'அழைக்கவும்' ஆக்கிவிட்டார்கள். போகட்டும், வினை தப்பித்ததே. இரண்டு மட்டும் கம்பெனி முத்திரைக்கு இடமில்லை என்று நின்றுபோயின. பலன் உண்டா என்று பாதுகாப்பு அதிகாரி கேட்டார். போர்டைப் பார்க்காதீர்கள், பெட்டியைப் பாருங்கள் என்றேன். அட்டை சிக்கிய பத்துத் தடவையில் எத்தனை தடவை மெயின் சுவிட்சில் பூட்டுத் தொங்கியது என்று எண்ணுங்கள். பத்தில் மூன்று என்றால் ஆட்களைத் திட்டாதீர்கள். பூட்டு எட்டும் தூரத்தில் இருக்கிறதா, வேலையை முடி என்று எவராவது பின்னால் நின்று விரட்டுகிறாரா என்று பாருங்கள். பூட்டுப் போடுவது எல்லோருக்கும் பழக்கமான பிறகு யாரும் அந்தப் போர்டைப் படிக்க மாட்டார்கள், அது பரவாயில்லை. யாரும் பூட்டும் போடாமல், போர்டையும் படிக்காமல் போனால் அதைக் கழற்றிவிட்டு வேறு இடத்தில் மாட்டிப் பாருங்கள்.

பையன் மீண்டும் வேலைக்குப் போகிறான். சிரிக்கும் மஞ்சள் ஹெல்மெட்காரர் இன்னும் அதே இடத்தில் கட்டை விரலை உயர்த்திக்கொண்டுதான் இருக்கிறாராம். அவருக்குப் பத்து விரலும் இருக்கிறது.